மழை பொய்த்த ஆண்டில் அறுப்பின் பண்டிகைப் பிரசங்கம் செய்யப்போகிற குருவானவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான குருவானவர்களே, உபதேசியார்களே,

தை பிறந்துவிட்டது. இனி ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது ஒரு சேகரத்தில் அறுப்பின் பண்டிகை இருக்கும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுச் சபைகளுக்குச் சிறப்புச் செய்தி கொடுக்க உங்களில் பலரை அழைத்திருப்பார்கள். அந்தச் செய்தியைக் கேட்க உட்காரப்போகிற விவசாயிகளில் நானும் ஒருவன். பிரசங்கக் குறிப்பை நீங்கள் எழுதி முடிக்கும் முன்னால் எங்கள் பக்கத்துப் பேச்சு உங்கள் காதில் விழ வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில், உங்கள் முன்னால் வந்து உட்காரப்போகிறவர்கள் எப்படிப்பட்ட வெள்ளாமையை முடித்துவிட்டு வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். எங்களுக்குக் கிணறும் இல்லை, கால்வாயும் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஒன்றை நம்பியே புரட்டாசியில் மானாவாரியாக விதைக்கிறோம். இந்த வருடம் விதை முளைக்கிற அளவுக்கு ஒரு மழை பெய்தது. அதற்குப் பிறகு மூன்று வாரம் மேகமே திரளவில்லை. முளைத்தது அத்தனையும் வாடியது. விதை கைவசம் இருந்தவர்கள் மறுபடியும் விதைத்தார்கள், இல்லாதவர்கள் கடன் வாங்கி விதைத்தார்கள். உளுந்து பூப்பது விதைத்த முப்பத்தைந்து நாற்பது நாளில். அந்த நேரத்தில் மண்ணில் ஈரம் இருந்தால்தான் பூ காயாகும். ஈரம் இல்லாததால் பூ உதிர்ந்தது. தப்பிப் பிடித்த காயிலும் ஐந்தாறு மணி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றோ இரண்டோதான் இருந்தது.

ஓர் ஏக்கருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உழவு, விதை, களைக்கொல்லி, மருந்து, செடி பிடுங்குகிற கூலி, களத்தில் அடிக்கிற கூலி எல்லாம் சேர்ந்து 11,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வருடத்தில் இரண்டரைக் குவிண்டால் வந்து செலவு போகக் கையில் கொஞ்சம் நிற்கும். இந்த வருடம் வந்தது எண்பது கிலோ என்றால், கிலோ 75 ரூபாய்க்குப் போட்டாலும் 6,000 ரூபாய்தான். ஏக்கருக்கு 5,000 ரூபாய் கடனோடு நிற்கிற ஒரு மனிதனிடம்தான் நீங்கள் நன்றி செலுத்து என்று சொல்லப்போகிறீர்கள். சொல்லத்தான் வேண்டும், நாங்களும் அதற்குத்தான் கோயிலுக்கு வருகிறோம். ஆனால் அதைச் சொல்வதற்கு ஒரு வழி உண்டு.

என் முதல் கோரிக்கை, நட்டத்தை நட்டம் என்று பிரசங்க பீடத்திலிருந்து சொல்லுங்கள். பண்டிகை நாளில் துக்கம் பேசக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். பயிர் கருகிப்போனதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல், நிரம்பிய களஞ்சியங்களையும் பொங்கி வழியும் ஆலைகளையும் பற்றிய வசனங்களையே அடுக்கிவிட்டு இறங்குகிறார்கள். கேட்கிறவனுக்கு இது தனக்குச் சொல்லப்பட்டதல்ல, வேறு யாருக்கோ சொல்லப்பட்டது என்று தோன்றிவிடுகிறது.

யோவேல் தீர்க்கதரிசியின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எங்கள் காட்டைப் பார்த்துவிட்டு எழுதியதைப் போலவே இருக்கிறது. வெட்டுக்கிளி தின்று தீர்க்கிறது, திராட்சை வாடுகிறது, விதை கட்டிமண்ணுக்கு அடியில் கிடந்து வீணாகிறது, களஞ்சியங்கள் இடிகின்றன, மேய்ச்சல் இல்லாமல் மாடுகள் தவிக்கின்றன. கோயிலுக்குக் கொண்டுபோக ஒரு கைப்பிடி மாவுகூட இல்லாததால் போஜனபலியே நின்றுபோகிறது. அப்போது தீர்க்கதரிசி, ஏன் காணிக்கை கொண்டுவரவில்லை என்று விவசாயியை அதட்டவில்லை. ஆசாரியர்களைப் பார்த்து, நீங்கள் இரட்டு உடுத்துங்கள், இரவெல்லாம் அழுங்கள் என்கிறார். காணிக்கை நின்றுபோன ஆண்டில் முதல் வேலை பீடத்தின் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத்தான் சொல்லப்பட்டிருக்கிறது. இந்த அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். வாசித்த பின், நம் ஊரில் எந்தக் காட்டில் என்ன விளையவில்லை என்று பயிரின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம், மல்லி, மிளகாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அந்தப் பெயர்களைக் கேட்ட பிறகுதான் எங்கள் வாயில் ஸ்தோத்திரம் வரும்.

இரண்டாவது கோரிக்கைதான் எனக்கு மிகவும் முக்கியமானது. மழை பெய்யாததற்கு எங்கள் காணிக்கைக் குறைவைக் காரணமாகச் சொல்லாதீர்கள். மழை பொய்த்த வருடங்களில் மல்கியா மூன்றாம் அதிகாரம் எங்கள் பக்கத்தில் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. தசமபாகம் ஒழுங்காகக் கொடுத்திருந்தால் வானத்தின் மதகு திறந்திருக்கும் என்று சொல்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு விதவைத் தாய் தன் இரண்டு ஏக்கர் கருகியதற்குத் தானே காரணம் என்று நம்பி வீட்டுக்குப் போகிறாள். அவள் பாவம் செய்யாதவள் என்று நான் சொல்லவில்லை. அவள் செய்யாத ஒரு குற்றத்தை வேதத்தின் பெயரால் அவள்மேல் ஏற்றாதீர்கள் என்றே சொல்கிறேன்.

எங்கள் காட்டுக்கு வந்து வரப்பில் நின்று பாருங்கள். தசமபாகம் தவறாமல் கொடுக்கிறவன் புஞ்சையும் ஒன்றும் கொடுக்காதவன் புஞ்சையும் ஒரே வரப்பின் இரண்டு பக்கம் கிடக்கின்றன. அதற்கு அடுத்தது அம்மன் கோயிலுக்குப் பொங்கல் வைக்கிறவருடையது. மூன்றும் ஒரே மாதிரிதான் காய்ந்தன. 2016-இல் தமிழ்நாடு முழுவதும் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவித்தது. ஒரு சபையின் காணிக்கைப் பெட்டியை வைத்து அந்த வறட்சியை யாராவது விளக்க முடியுமா? நீதிமான் மேலும் அநீதிமான் மேலும் பிதா ஒரே மழையைப் பெய்யப்பண்ணுகிறார் என்று இயேசு சொன்னார். மழையைப் பற்றிச் சொன்னது நிறுத்தப்பட்ட மழைக்கும் பொருந்தும். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, செத்தவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார்.

மழைக்கும் பாவத்துக்கும் முடிச்சுப் போடுகிற வசனங்கள் வேதத்தில் இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கின்றன. உபாகமத்தில் இருக்கின்றன, ஆகாயில் இருக்கின்றன. ஆகாயை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பேசுகிற வறட்சி, பாபிலோனிலிருந்து திரும்பிவந்த ஜனங்கள் தங்கள் வீடுகளுக்கு மச்சுப்பலகை அடித்துக்கொண்டு, ஆலயத்தைப் பாழாக விட்டிருந்த காலத்து வறட்சி. அந்த வார்த்தை முதலில் யாருக்கு வந்தது? தேசாதிபதியான செருபாபேலுக்கும் பிரதான ஆசாரியனான யோசுவாவுக்கும். அதிகாரத்தில் இருந்தவர்களைத் தலைகுனிய வைக்கச் சொன்ன வார்த்தையை, சீட்டுப் போட்டு விதை வாங்கியவன் தலையில் இறக்குவது நியாயமா என்று யோசியுங்கள்.

மல்கியாவைப் பிரசங்கிக்கவே வேண்டும் என்றால் முழுதாகப் பிரசங்கியுங்கள். அந்த அதிகாரத்தில் தசமபாகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னாலேயே, கூலிக்காரனின் கூலியை அமுக்கிக்கொள்கிறவர்களுக்கும் விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கும் எதிராக நான் சாட்சி சொல்வேன் என்று கர்த்தர் சொல்கிறார். தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொன்னது, தம் ஆலயத்தில் சாப்பாடு இருக்க வேண்டும் என்பதற்காக. அந்தச் சாப்பாடு நிலத்தில் பங்கு இல்லாத லேவியருக்கு உரியது. அவர்களுக்குப் படி கிடைக்காமல் போனபோது ஊழியத்தை விட்டுவிட்டு வயலுக்கு ஓடினார்கள் என்று நெகேமியாவின் கடைசி அதிகாரம் சொல்கிறது. உபாகமம் பதினான்காம் அதிகாரத்தில் மூன்றாம் வருடத் தசமபாகம் எருசலேமுக்குப் போகாமல் அந்தந்த ஊர் வாசலிலேயே வைக்கப்படுகிறது. லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் அதைச் சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும். ஆகவே தசமபாகம் என்ற பேச்சு எழுந்தால், அது நிலம் இல்லாதவன் வயிற்றுக்குப் போகிற தானியம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நிலம் இல்லாதவர் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அறுப்பின் பண்டிகைப் பிரசங்கங்கள் பெரும்பாலும் நிலம் உள்ளவனைப் பார்த்தே பேசுகின்றன. எங்கள் சபைகளில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களில் பாதிக்கு மேல் கூலிக்குப் போகிற குடும்பங்கள். விளைச்சல் குறைந்தாலும் எனக்கு எண்பது கிலோவாவது மிஞ்சியது. களை வெட்டவும் செடி பிடுங்கவும் ஆளே தேவைப்படாத இந்த வருடத்தில் அவர்களுக்கு வேலை நாளே மிஞ்சவில்லை. விளையாத காட்டுக்குக் காப்பீடாவது கேட்கலாம், கிடைக்காத கூலிக்கு எந்த அலுவலகத்திலும் மனு இல்லை. அறுப்பே இல்லாதவர்கள் அறுப்பின் பண்டிகைக்கு வந்திருக்கிறார்கள் என்பதை அறிந்து அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். உபாகமம் பதினாறாம் அதிகாரத்தில் வாரங்களின் பண்டிகைக்கு யார் யார் சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. வேலைக்காரனும் வேலைக்காரியும் அதில் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறார்கள்.

அதே அதிகாரத்தில்தான் காணிக்கைக்கு அளவும் சொல்லப்பட்டிருக்கிறது. அறுவடைப் பண்டிகைக்கு இவ்வளவு கொண்டுவா என்று தொகை எதுவும் அங்கே இல்லை. கர்த்தர் உன்னை எவ்வளவு ஆசீர்வதித்தாரோ அதற்குத் தக்கபடி கொண்டுவா என்றே இருக்கிறது. குறைந்த விளைச்சலில் குறைந்த காணிக்கை, அந்தச் சட்டத்தை மீறுவதல்ல, அதை நிறைவேற்றுவது. பவுலும் கொரிந்தியருக்கு இரண்டாம் நிருபத்தில் இதையே சொல்கிறார். ஒருவனிடம் இருப்பதை வைத்துத்தான் அவன் ஈவு எடைபோடப்படும், இல்லாததை வைத்து அல்ல.

இதைச் சேகரக் கமிட்டிக்கு எடுத்துச் சொல்ல உங்களால் மட்டுமே முடியும். ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். படைத்த கோழி, முட்டை, பூசணிக்காய், தேங்காய், வாழைத்தார் என்று ஒவ்வொன்றாக எடுத்து ஏலம் விடுவார்கள். நல்ல வருடத்தில் அது எங்களுக்குப் பெரிய சந்தோஷம். ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரத்தைத் தாண்டும்போது கைதட்டாதவர் இருக்க மாட்டார்கள். ஆனால் இந்த வருடம் போன வருடத் தொகையைத் தாண்ட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் உசுப்பினால், கௌரவத்துக்காகக் கேட்டுவிட்டு வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறவர்கள் இருப்பார்கள். பண்டிகை வரி கட்டாத வீடுகளின் பெயரைச் சபை நடுவில் வாசிப்பதும் அப்படித்தான். இந்த வருடம் இரண்டும் வேண்டாம் என்று பிரசங்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கமிட்டியில் நாங்கள் சொன்னால் கஞ்சத்தனம் என்பார்கள். அங்கி போட்டவர் வேதத்தைக் காட்டிச் சொன்னால் எழுந்து மறுக்க மாட்டார்கள்.

அப்படியென்றால் எதற்கு நன்றி சொல்வது? இங்கேதான் நீங்கள் ஆபகூக்கின் மூன்றாம் அதிகாரத்துக்கு வருவீர்கள். அத்திமரம், திராட்சை, ஒலிவமரம், வயல், ஆட்டுமந்தை, மாட்டுத்தொழுவம் என்று ஆறையும் இழந்த பிறகும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிற அந்த இடத்தைவிடப் பொருத்தமான பகுதி இந்த வருடத்துக்குக் கிடையாது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அந்தப் புத்தகம் அங்கே தொடங்கவில்லை. எவ்வளவு காலம் கூப்பிட்டும் நீர் கேட்கவில்லையே என்ற முறையீட்டோடு முதல் அதிகாரம் தொடங்குகிறது. அதற்குப் பதில் வருகிறது, அந்தப் பதில் பிடிக்காமல் ஆபகூக் மறுபடியும் வழக்காடுகிறார், காவல்மேடையில் ஏறி நின்று காத்திருக்கிறார். மூன்றாம் அதிகாரத்துப் பாட்டு அவ்வளவையும் கடந்து வந்தவனுடைய பாட்டு. எங்களைக் கேள்வி கேட்கவிடாமல் நேரே பாட்டுக்கு இழுத்துப் போகாதீர்கள். முதல் இரண்டு அதிகாரங்களுக்கும் பிரசங்கத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

அந்தப் பாட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். அடுத்த வருடம் விளையும் என்று அவர் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். வருகிற வருடம் இரட்டிப்பாகத் தருவார் என்ற வாக்குறுதியைப் பண்டிகை மேடைகளில் தாராளமாகக் கொடுக்கிறார்கள். அதை நம்பிக் குத்தகைக்குக் கூடுதலாக நிலம் பிடிக்கிறவர்கள் உண்டு. கர்த்தர் சொல்லாத தேதியையும் அளவையும் அவர் பெயரால் நீங்கள் சொன்னால், அது நடக்காதபோது நாங்கள் சந்தேகப்படுவது உங்களை அல்ல, அவரை.

கடைசியாக, பிரசங்கம் ஒரு செயலில் போய் முடிய வேண்டும் என்று கேட்கிறேன். மேலே சொன்ன எண்பது கிலோ உளுந்துக்குத் தசமபாகம் எட்டுக் கிலோ. மானாவாரியில் ஓர் ஏக்கர் உளுந்துக்கு வேண்டிய விதையும் எட்டுக் கிலோதான். அந்த எட்டுக் கிலோவை ஏலத்தில் விற்றால் சில நூறு ரூபாய் வரும். அதையே விதையாக வைத்திருந்தால், இரண்டு தடவை விதைத்து விதைப்பானை காலியாகிப் போன ஒரு குடும்பம் வருகிற புரட்டாசியில் கடைக்காரரிடம் கடன் சொல்லாமல் விதைக்கும். படைப்பாக வருகிற பயறுகளை இந்த வருடம் ஏலத்துக்கு விடாமல் சபையின் விதையாக ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். கம்பையும் சோளத்தையும் கூலிக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

விதையாக வைப்பது என்றால் கோயில் மூலையில் மூட்டையைச் சாத்திவைப்பது அல்ல. காய்ச்சலில் சுருங்கிய மணிகளைச் சலித்து எடுத்துவிட வேண்டும், அவை முளைத்தாலும் நிற்காது. ஈரப்பதம் நூற்றுக்குப் பத்துக்கு மேல் போகாதபடி வெயிலில் காயவைக்க வேண்டும். கடித்தால் நசுங்காமல் படீரென்று உடைந்தால் காய்ந்துவிட்டது என்று எங்கள் வீட்டுப் பெண்களே சொல்லிவிடுவார்கள். பிறகு செம்மண் கட்டியோ சாம்பல் கலந்தோ வைத்து, மாதம் ஒரு முறை திறந்து வண்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆவணியில் நூறு மணியை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து, ஒரு வாரத்தில் எழுபத்தைந்தாவது முளைத்தால் விதைக்குக் கொடுக்கலாம், அதற்குக் குறைந்தால் பருப்பாக்கி அசனத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். பெண்கள் ஐக்கிய சங்கத்திடம் ஒப்படைத்தால் இதை எங்களைவிட ஒழுங்காகச் செய்வார்கள். வாங்கிய குடும்பம் விளைந்தால் வாங்கிய அளவைத் திருப்பித் தரட்டும், விளையாவிட்டால் கேட்க வேண்டாம்.

இது நம் சபைகளுக்குப் புதிய காரியம் அல்ல. 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருடப் பஞ்சத்தின்போது திருநெல்வேலிச் சபைகளில் ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தார்கள். கால்டுவெல் போன்றவர்கள் அந்த நாட்களில் பஞ்ச நிவாரணத்தில் இறங்கி வேலை செய்தார்கள். இன்று உங்கள் முன் உட்காருகிற குடும்பங்களில் பல அப்போது வந்தவர்களின் வழிவந்தவை. பஞ்சத்தில் நம் முன்னோருக்குச் சபை தானியமாகத்தான் முதலில் அறிமுகமானது. உலையில் போடும் முன் ஒரு பிடி எடுத்து வைக்கிற பிடியரிசிக் காணிக்கையை எங்கள் பாட்டிகள் கற்றுக்கொண்டதும் அப்படிப்பட்ட சபைகளில்தான். கொடுக்கத் தெரியாதவர்கள் அல்ல நாங்கள்.

ஆகவே ஐயாமார்களே, நான் கேட்பது இவ்வளவுதான். நட்டத்தைப் பெயர் சொல்லிப் பேசுங்கள். மழை நின்றதற்கு எங்களைக் காரணம் காட்டாதீர்கள். நிலம் இல்லாதவர்களையும் பார்த்துப் பேசுங்கள். இந்த ஒரு வருடம் ஏலப் போட்டியையும் பெயர் வாசிப்பதையும் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். படைத்த தானியத்தைப் பங்கிட்டு, விதையைக் காத்துவைக்கச் சொல்லுங்கள். இதோடு கூட ஒன்று. அறுப்பின் பண்டிகைக்கு வருகிற நீங்கள் விதைப்புக்கு முந்தின ஞாயிறும் வாருங்கள். சிறப்புச் செய்தி வேண்டாம், மேடை வேண்டாம், மாலை வேண்டாம். சபையில் காத்துவைத்த விதையை அன்று நீங்களே அளந்து கொடுத்து, எங்களோடு காட்டில் நின்று மழைக்காக ஜெபித்துவிட்டுப் போங்கள். புரட்டாசியில் எந்த ஞாயிறு வருவீர்கள் என்பதை இந்தப் பண்டிகை அன்றே சபைக்கு அறிவித்துவிடுங்கள்.

கர்த்தருக்குள்,
கரிசல்காட்டுச் சபை விவசாயி ஒருவன்